சுற்றறிக்கையில் சிரிக்கும் இடம்

ஆணிப் பிரிவின் சுவரில் ஒட்டிய மூன்றாவது சுற்றறிக்கையின் மேல் யாரோ சட்டையை மாட்டியிருந்தார்கள். அல்லி அந்தச் சட்டையைக் கழற்றி அடுத்த கொக்கியில் மாட்டினாள். அடியில் அவள் எழுதிய எழுத்துகள் அப்படியே புதிதாக இருந்தன. யார் கையும் படவில்லை, யார் கண்ணும் படவில்லை.

காரைக்காலுக்கு வெளியே, நெரவிக்குப் போகும் சாலையில் இருந்தது அந்த ஆலை. கம்பிச் சுருளை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் ஆணியாகக் கொட்டும் இருபத்திரண்டு இயந்திரங்கள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை கம்பியின் தலையில் அடிக்கும். உள்ளே நின்று பேசுகிறவர்கள் வாயைக் காதில் வைத்துத்தான் பேச வேண்டும். அல்லி பணியாளர் பிரிவில் உதவி அலுவலர். கோவில்பத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருவாள். அலுவலகக் கட்டடம் இயந்திரக் கூடத்திலிருந்து நூறடி தள்ளி இருந்தும் மேசைமேல் வைத்த தண்ணீர் நாளெல்லாம் நடுங்கிக்கொண்டிருக்கும்.

காதுப் பரிசோதனை பற்றித்தான் அந்த மூன்று சுற்றறிக்கைகளும். பரிசோதனைக்கு முன் பதினாறு மணி நேரம் இயந்திரச் சத்தத்தில் இருக்கக் கூடாது, ஆகவே வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலையில் நேரே பரிசோதனைக்கு வாருங்கள் என்று மூன்றிலும் எழுதியிருந்தாள். அறுபத்து நான்கு பேரில் இருபத்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலை பார்த்துவிட்டு அப்படியே வந்து நின்றார்கள். சத்தத்திலிருந்து நேராக வந்தவர்களின் காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"நோட்டீஸ் போட்டீங்களா இல்லையா?" என்று டாக்டர் கேட்டபோது அல்லிக்கு அழுகை வந்தது. போட்டிருந்தாள். மூன்று தடவை.

மீதி முப்பத்தெட்டுப் பேரின் முடிவு பத்து நாளில் வந்தது. பதினேழு பேருக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. சத்தத்தால் வந்த குறைவு. மருந்து கிடையாது.

பணியாளர் பிரிவு மேலாளர் சிதம்பரநாதன் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. எந்தக் கெட்ட செய்தியையும் கொஞ்சம் இனிப்புத் தடவி அனுப்பிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

"அல்லி, ஒங்க நோட்டீச யாரும் படிக்க மாட்டேங்கறான். ஏன்னா கட்டுரை மாதிரி இருக்கு. இந்தத் தடவ கொஞ்சம் ஜாலியா எழுதுங்க. சிரிச்சாத்தான் படிப்பான்."

"சார், பதினேழு பேருக்குக் காது போயிருக்கு."

"அதான் சொல்றேன். நானே ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன்." ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அதில் இப்படி எழுதியிருந்தது: 'மாமா, மணி என்ன? — சனி இல்லடா, இன்னிக்கு ஞாயிறு! இந்த நிலைமை உங்களுக்கு வராமல் இருக்க...' பக்கத்தில் காதில் கை வைத்த கிழவர் படம் ஒன்றையும் கணினியில் தேடி எடுத்து வைத்திருந்தார்.

அல்லி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்காதவரைப் பார்த்துச் சிரிப்பது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் எல்லாரும் சிரிப்பார்கள். அந்தப் பதினேழு பேரும்கூடச் சிரித்திருப்பார்கள்.

"இத போட வேணாம் சார். நானே எழுதறேன்."

"நாளைக்குள்ள குடுங்க."

மறுநாள் கொடுக்க முடியவில்லை. முதலில் அந்தப் பதினேழு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட வேண்டும், சுவரைப் பார்த்து ஒருவனும் தன் நோயைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று பாதுகாப்பு அலுவலர் செம்பியன் பிடிவாதமாக நின்றான். அல்லிக்கும் அதுதான் சரியென்று பட்டது. சிதம்பரநாதன் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். டாக்டருக்கு வியாழக்கிழமைதான் ஒழிந்தது. அன்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லி, முடிவைக் கடிதமாக உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அன்று மாலையே அம்பலவாணன் அவள் மேசைக்கு வந்தார். பத்தொன்பது வருடமாக ஏழாம் எண் இயந்திரத்தில் நிற்பவர். திருவேட்டக்குடிக்காரர். அண்ணன்மார் எல்லாரும் படகில் போக, தனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆலைக்கு வந்தவர். கையில் உறை இருந்தது.

"மேடம், இதுல நாலாயிரம்னு ஒண்ணு போட்ருக்கு. என்ன அது? அபராதமா?"

"இல்லண்ணே. அது சத்தத்தோட சுருதி. கீச்சுன்னு வர்ற மெல்லிசு சத்தம். அது ஒங்களுக்குக் கேக்கறதில்லன்னு அர்த்தம்."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பேசறது கேக்குதே?"

"பேசறாங்கங்கறது கேக்கும். ச, த மாதிரி எழுத்தெல்லாம் பிடிபடாது. பொம்பளைங்க, புள்ளைங்க குரல் இன்னும் கஷ்டம்."

அவர் தலையாட்டினார். அல்லியின் மேசையில் சுற்றறிக்கையின் முதல் வரைவு கிடந்தது. யாரிடமாவது படித்துக் காட்ட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் இரண்டு பேரிடம் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த நன்றாக இருக்கிறதில் அவளுக்கு நம்பிக்கையில்லை.

"அண்ணே, ஒண்ணு படிக்கறேன், கேக்கறீங்களா? தப்பா இருந்தா சொல்லுங்க."

படிக்க ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே அம்பலவாணன் சிரித்தார். அல்லி நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அது வெறும் தேதி. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. படிக்கும்போது அவள் உதடு ஓரத்தில் லேசாகச் சிரிப்பு இருந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர் சிரித்திருக்கிறார். எத்தனை வருடமாக இப்படி முகத்தைப் பார்த்தே சிரித்து, முகத்தைப் பார்த்தே தலையாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரோ!

அவள் காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே படிங்கண்ணே."

அவர் மெதுவாகப் படித்தார். தக்கை பற்றிய இடம் வந்ததும் உண்மையாகவே சிரித்தார். காதில் வைக்க ஆலை கொடுத்த மஞ்சள் பஞ்சுத் தக்கைகளைப் பாதிப் பேர் நெரவி வாய்க்காலில் தூண்டிலுக்கு மிதவையாகக் கட்டிவிட்டார்கள் என்பது கேண்டீனில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கடுத்த வரியில் அவர் சிரிப்பு நின்றுபோயிற்று. 'கூப்பிட்டால் திரும்பாதவர்கள் எல்லாம் கோபக்காரர்கள் இல்லை, நம் ஏழாம் எண், பத்தாம் எண் இயந்திரத்து ஆட்களாகவும் இருக்கலாம்' என்று அல்லி எழுதியிருந்தாள். கொஞ்சம் கனிவான கிண்டல் என்று நினைத்து எழுதியது.

"இது வேணாங்க" என்றார்.

"ஏன்ணே?"

"எம்பொண்ணு தீபா மூணு மாசமா எங்கிட்ட சரியா பேசறதில்ல. காலேஜுல சேந்த அன்னிக்கு வாசல்ல நின்னு அப்பா அப்பான்னு கூப்புட்ருக்கு. நான் சைக்கிள தொடைச்சுக்கிட்டே இருந்திருக்கேன். வேணும்னே திரும்பலன்னு நெனச்சுக்கிச்சு. இன்னிக்குத்தான எனக்கே தெரியுது." உறையை மடித்தார். "ஏழாம் நம்பருன்னு போட்டா வேற நான்தான்னு தெரிஞ்சிரும்ல."

அல்லிக்கு முகம் சூடாகியது. நோய் யாருக்கு என்று தெரியக் கூடாது என்று டாக்டரும் செம்பியனும் மெனக்கெட்டிருக்க, அவளே ஒரு கிண்டலுக்காக எண்ணைப் போட்டு வைத்திருக்கிறாள்.

"தப்புண்ணே. எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க. நம்பர மட்டும் எடுங்க. சிரிப்பா போடாதீங்க, நேரா போடுங்க. கூப்புட்டா திரும்பலன்னா கிட்ட வந்து மூஞ்சிய பாத்துப் பேசுங்கன்னு போடுங்க. வூட்ல கொண்டுபோய்க் காட்டுவேன்." எழுந்தவர் திரும்பி நின்றார். "அப்பறம், மேல பூரா சிரிப்பு, கடைசியில விசயம். பாதியோட போயிருவான். விசயத்த மொதல்ல போட்ருங்க."

அன்று வேலை நேரம் முடிந்தும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மாற்றி எழுதினாள். எழுத எழுத ஒன்று புரிந்தது. காதைத் தொடும் எந்த வரியிலும் சிரிப்பு வரக் கூடாது. சத்தம், நோய், வேலை பற்றிய பயம், இந்த மூன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். சிரிக்க வேண்டுமென்றால் ஆலையைப் பார்த்து, அலுவலகத்தைப் பார்த்து, தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். மஞ்சள் தக்கையைப் பார்த்தும் சிரிக்கலாம், அதற்கு வலிக்காது. இப்படி வந்தது:

'ஆணிப் பிரிவில் வேலை செய்கிற எல்லாருக்கும். காதுப் பரிசோதனை முடித்தவர்களில் பதினேழு பேருக்குக் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறைந்திருக்கிறது. காரணம் நம் இயந்திரங்களின் சத்தம். மீதி இருக்கும் திறனைக் காப்பாற்ற முடியும். இதனால் யாருக்கும் வேலையோ சம்பளமோ போகாது. பதினேழு பேரிடமும் தனியாகச் சொல்லிவிட்டோம், யார் என்று தேட வேண்டாம். கூப்பிட்டுத் திரும்பாத ஒருவர்மேல் கோபப்படாதீர்கள். அருகில் போய் முகம் பார்த்துப் பேசுங்கள்.

'இதற்கு முன் மூன்று சுற்றறிக்கை ஒட்டினோம். யாரும் படிக்கவில்லை. எழுதியவருக்கே மூன்றாவதை முழுதாகப் படிக்கத் தூக்கம் வந்தது. ஆகவே இந்தத் தடவை சுருக்கமாக. பரிசோதனை ஆகாதவர்கள் வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வர வேண்டும். அதற்கு முன் பதினாறு மணி நேரம் இயந்திரச் சத்தமோ பெரிய சத்தமோ கூடாது. ஞாயிறு கூடுதல் வேலை கிடையாது, மேலாளர் கெஞ்சினாலும் கிடையாது. கோயிலுக்குப் போனால் மேளத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, டாக்டர் கோபித்துக்கொள்வார்.

'மஞ்சள் தக்கை தூண்டிலுக்கு நன்றாக மிதக்கிறது என்று கேள்விப்பட்டோம். மீன்களிடமிருந்து இதுவரை புகார் இல்லை. ஆனால் அதை வாங்கியது உங்கள் காதுக்காக. கையைக் கழுவி, தக்கையை மெல்லிசாக உருட்டி, மற்றொரு கையால் காதை மேலே இழுத்து உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். போடத் தெரியாவிட்டால் செம்பியனிடம் கேளுங்கள். அவர் தினமும் போட்டுக் காட்டக் காத்திருக்கிறார், இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.'

செம்பியன் படித்துவிட்டு, "என்னைய வெச்சே சிரிக்கறீங்களா?" என்றான். ஆனால் மாற்றச் சொல்லவில்லை. சிதம்பரநாதன் கிழவர் படம் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். 'கெஞ்சினாலும்' என்ற சொல்லின் மேல் பேனாவை வைத்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டு விட்டுவிட்டார். சென்னைத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலுக்கு மின்னஞ்சல் போயிற்று.

ஆறு நாள் பதில் இல்லை. திங்கட்கிழமை ஒன்று வீணாகப் போயிற்று. டாக்டரின் பரிசோதனை வண்டியை அடுத்த வாரத்துக்குத் தள்ளச் சொல்லி அல்லி இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள். ஏழாம் நாள் ஒப்புதல் வந்தது. கூடவே ஒரு வரி: 'மிக அருமை! இந்த நடையைத் தொடரவும்.' இணைத்திருந்த கோப்பைத் திறந்தாள்.

முதல் பத்தி இல்லை.

பதினேழு பேர் இல்லை. நிரந்தரம் இல்லை. சத்தம் காரணம் என்பது இல்லை. சட்டப் பிரிவு எடுத்துவிட்டிருந்தது. அதற்குப் பதில், 'ஊழியர் நலனில் நிர்வாகம் எப்போதும் அக்கறை கொண்டுள்ளது' என்று ஒரு வரி. அதன் கீழே தூக்கமும் மேளமும் மீனும் அப்படியே இருந்தன. அவள் எழுதிய சிரிப்பு ஒன்றுகூடக் குறையவில்லை. இப்போது படித்தால் ஏதோ ஆலை ஆண்டு விழா அழைப்பிதழ் போல இருந்தது.

நாற்காலியை வேகமாகத் தள்ளியதில் அது பின்சுவரில் இடித்தது. அதை அச்செடுத்துக்கொண்டு சிதம்பரநாதன் அறைக்குப் போனாள்.

"சார், இத ஒட்ட மாட்டேன்."

"ஒப்புதல் வந்தாச்சேம்மா. அருமைன்னு வேற போட்ருக்காங்க."

"அதான் சார் கொடுமை. விசயத்த எடுத்துட்டு வெளையாட்ட வெச்சிருக்காங்க. பதினேழு பேருக்குக் காது போனது தெரிஞ்சவன் இதப் படிச்சா என்ன நெனப்பான்? நம்மள பாத்து சிரிக்கறாங்கன்னு நெனப்பான்."

"சட்டப் பிரிவு சொன்னா நாம என்ன பண்றது?"

"அந்தப் பத்தி போனா மீனும் போகணும். ரெண்டும் சேந்து இருக்கணும், இல்லாட்டி ரெண்டும் வேணாம். மொட்டையா பழைய மாதிரியே ஒரு நோட்டீஸ் போட்டுக்குவோம். யாரும் படிக்க மாட்டான், யாரையும் அவமானப்படுத்தாது."

சிதம்பரநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வருடத்தில் அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. செம்பியனைக் கூப்பிட்டார். செம்பியன் நின்றபடியே சொன்னான்: "சத்தத்துல காது போறது சட்டத்துல பட்டியல் போட்ட தொழில்நோய் சார். தொழிற்சாலை ஆய்வாளருக்கு நாமளே தெரிவிக்கணும், டாக்டரும் தெரிவிப்பாரு. ஆபத்து இதுன்னு தொழிலாளிக்கும் சொல்லியாகணும். மறைச்சோம்னு ஆனா அப்பறம் சட்டப் பிரிவுதான் ஓடி வரணும்."

சிதம்பரநாதன் சென்னைக்குப் பேசினார். கதவு மூடியிருந்தது. நாற்பது நிமிடம் கழித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"'நிரந்தரமாக'ங்கற வார்த்த கூடாதாம். சட்ட வார்த்தையாம். மத்தத வெச்சுக்கலாமாம். அதுக்கே எவ்வளவு கத்த வேண்டியதா போச்சு தெரியுமா?"

அல்லி அங்கேயே, அவர் மேசையின் ஓரத்தில் வைத்தே, அந்தச் சொல்லை அடித்துவிட்டு எழுதினாள்: 'போன திறன் திரும்பி வராது.'

சிதம்பரநாதன் படித்தார். "இது அதவிடப் பயமா இருக்கேம்மா."

"சட்ட வார்த்தை இல்ல சார்."

அவர் கையெழுத்துப் போட்டார்.

சுற்றறிக்கையைக் கேண்டீனில் கை கழுவும் இடத்துக்கு மேல் ஒட்டினார்கள். வரிசையில் நிற்கிறவன் வேறு எங்கும் பார்க்க முடியாத இடம். மதியம் அல்லி தூரத்திலிருந்து பார்த்தாள். முதலில் நின்றவர்கள் சிரிக்காமல் படித்தார்கள். ஒருவர் பின்னால் நின்றவரிடம் எதையோ காட்டினார். பிறகு மீன் வரியில் சிரிப்புச் சத்தம் வந்தது. "எவண்டா தூண்டில் போட்டவன்?" என்று யாரோ கத்த, நாலைந்து பேர் ஒரே ஆளைப் பார்த்தார்கள். அன்று மாலை செம்பியனிடம் தக்கை போடக் கற்றுக்கொள்ள பதினோரு பேர் வந்தார்கள். அவன் அதை அல்லியிடம் வந்து இரண்டு முறை சொன்னான்.

அம்பலவாணன் சுற்றறிக்கையின் நகல் ஒன்று கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த நாள், "தீபா படிச்சுச்சுங்க. ஒண்ணும் சொல்லல. காப்பி கொண்டாந்து முன்னாடி வந்து நின்னு குடுத்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவரைச் சத்தம் குறைந்த பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கே பரிசோதனை வண்டி வந்தது. இருபத்தாறு பேரில் இருபத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் ஞாயிறு வீட்டில் இருந்தவர்கள். ஒருவரையும் டாக்டர் திருப்பி அனுப்பவில்லை. அல்லிக்கு மூன்று மாதத்தில் முதல்முறையாகப் பாரம் இறங்கியது.

எட்டு மணிக்கு வண்டிக்கு வெளியே ஒன்பது இளைஞர்கள் வந்து நின்றார்கள். கம்பிச் சுருள் தூக்கும் ஒப்பந்த ஆட்கள். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அல்லி தன் பட்டியலைப் பார்த்தாள். அவர்கள் பெயர் அதில் இல்லை. ஒப்பந்தக்காரரின் கணக்கு என்பதால் பணியாளர் பிரிவின் எந்தப் பட்டியலிலும் அவர்கள் இல்லை. அவர்களில் கொஞ்சம் தமிழ் தெரிந்தவன் முன்னால் வந்தான்.

"மேடம், கேண்டீன் பேப்பர். எல்லாம் சிரிக்குது. என்ன எழுதியிருக்கு?"

அல்லிக்கு எரிச்சல் வந்தது, அவன்மேல் இல்லை. ஒரு சொல்லுக்காகச் சென்னை வரை சண்டை போட்டிருக்கிறாள். தினமும் இருபத்திரண்டு இயந்திரங்களுக்கும் நடுவில் நடக்கிற ஒன்பது பேரை ஒரு நாள்கூட நினைக்கவில்லை. அவன் சொன்னபடி அவர்கள் பார்த்தது வெறும் சிரிப்பைத்தான்.

அவள் மெதுவாக, முதல் பத்தியை, தமிழும் அரைகுறை இந்தியுமாகச் சொன்னாள். அவன் திரும்பி மற்றவர்களிடம் தங்கள் மொழியில் சொன்னான். ஒருவன் கையைக் காதுக்குக் கொண்டுபோய், பிறகு இறக்கிக்கொண்டான். அடுத்து மஞ்சள் தக்கை, தூண்டில் என்று வந்தபோது அவள் நிறுத்தி, "நீங்க அத என்ன பண்றீங்க?" என்று கேட்டாள்.

"எது மேடம்?"

அவள் பையிலிருந்து ஒரு ஜோடி எடுத்துக் காட்டினாள்.

அவன் அதை வாங்கி அழுத்திப் பார்த்தான். அது மெதுவாக மறுபடி உப்பியது. மற்றவர்களும் ஒவ்வொருவராக வாங்கி அழுத்திப் பார்த்தார்கள். "இது எங்களுக்குக் குடுக்கல மேடம்" என்றான்.

அல்லி வண்டிக்குள் போய் டாக்டரிடம் இன்னும் ஒன்பது பேரைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். இன்று அவர்கள் இரவு வேலை முடித்து வந்திருக்கிறார்கள், முடியாது, அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார் அவர். அவள் வெளியே வந்து ஒன்பது பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். இரண்டு பெயரைத் தப்பாக எழுத, அவர்களே பேனாவை வாங்கித் தங்கள் எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு செம்பியனைத் தேடிக்கொண்டு இயந்திரக் கூடத்துக்குள் போனாள். சத்தத்தில் அவளால் கூப்பிட முடியவில்லை. அவன் முன்னால் போய் நின்று, காகிதத்தை நீட்டி, விரல்களால் ஒன்பது என்று காட்டினாள்.